கடைக்குள் இருக்கும் அடுத்தவர் சரக்கு

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில், கூலிக்குப் பை தைத்துக் கொடுக்கும் தோல் பட்டறைகள் பல உண்டு. அப்படியொரு பட்டறைக்குள் இருக்கும் சரக்கில் விலை அதிகமானது பெரும்பாலும் பட்டறைக்காரருடையதாக இருக்காது. மூலையில் சுருட்டி வைத்திருக்கும் தோல், ஆர்டர் கொடுத்த வியாபாரி அனுப்பியது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பதனிட்டு, சதுர அடிக் கணக்கில் அளந்து, சுருளின் உள்பக்கத்தில் அளவு எழுதி வந்திருக்கும். பட்டறைக்காரர் தன் கைக்காசைப் போட்டு வாங்குவது நூலும் பசையும், சில வேளை ஜிப்பும் உள்துணியும்தான். மிச்சமெல்லாம் கை உழைப்பு.

மாட்டுங்காவில் கதை கொஞ்சம் மாறும். பட்டுப்புடவைக் கடையில் காஞ்சிபுரத்துக்காரர் ‘விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள்’ என்று வைத்துவிட்டுப் போன புடவைகள் இருக்கும். ஃபால்ஸ் தைக்கவும் குஞ்சம் கட்டவும் வாடிக்கையாளர் கொடுத்த புடவைகளும் அதே அலமாரியில் இருக்கும். செம்பூரில் சலவைக் கடையையும் டிவி ரிப்பேர் கடையையும் எடுத்துக்கொண்டால், உள்ளே இருப்பது அநேகமாக முழுதும் ஊரார் சொத்து.

இந்தக் கடைகளில் பலவற்றுக்கு ‘ஸ்டாக் இன்சூரன்ஸ்’ இருக்கும். வங்கிக் கடன் இருந்தால் இல்லாமல் முடியாது. தீ பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ அந்த பாலிசி அடுத்தவர் சரக்குக்கும் பணம் தருமா என்பதுதான் கேள்வி. எழுதி வாங்கியிருந்தாலன்றித் தராது. எழுதி வாங்கியிருந்தாலும், எந்தச் சொற்களில் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே தரும். அந்தச் சொற்களும் சரியாக இருந்து, காப்புத் தொகையை மட்டும் உயர்த்தாமல் விட்டிருந்தால், தன் சரக்குக்குக் கிடைக்கவேண்டிய பணமும் குறைந்துபோகும். கடைசியாகச் சொன்னதுதான் சிறு கடைக்காரரை அதிகமாக அடிப்பது. கடைசிவரை யாரும் அவருக்குச் சொல்லாததும் அதுதான்.

முதலில் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் நெடுங்காலம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் விற்கப்பட்டது ‘ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்ற பொதுப் பத்திரம். அதன் பொது விலக்குகளில் ஒரு நீண்ட வாக்கியம் உண்டு. கட்டித் தங்கம், பதிக்காத ரத்தினக் கற்கள், கையெழுத்துப் படிகள், பங்குப் பத்திரங்கள், ரொக்கம், கணக்குப் புத்தகங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிற அந்த வாக்கியத்தின் நடுவில், பிறர் நம்பி ஒப்படைத்த சரக்கும் கமிஷனுக்கு விற்க வைத்திருக்கும் சரக்கும் வருகின்றன. பத்திரத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி இவற்றுக்குக் காப்பு இல்லை என்று அந்த வாக்கியம் முடியும். தங்கத்தையும் ரொக்கத்தையும் பற்றிய பட்டியல் என்று நினைத்துத் தோல் பட்டறைக்காரர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அவருடைய பட்டறையில் இருக்கும் சரக்கில் முக்கால்வாசி அந்த ஒரு வரியிலேயே வெளியே தள்ளப்பட்டிருக்கும்.

2021 ஏப்ரல் 1 முதல், ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற எளிய பத்திரமும், அதற்கு மேல் 50 கோடி வரை ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’வும் வந்திருக்கின்றன. இவற்றின் மொழி முந்தையதைவிடத் தெளிவு. ஆனாலும் விலக்குப் பட்டியலையும், எந்தெந்தச் சொத்துக்கு எவ்வளவு தொகை என்று தட்டச்சு செய்திருக்கும் அட்டவணையையும் சேர்த்துப் படிக்காமல், பத்திரத்தின் பெயரை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அட்டவணையில் ‘ஸ்டாக்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், அது கடைக்காரர் வாங்கி விற்கிற, அல்லது செய்து விற்கிற தன் சரக்கையே குறிக்கும் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதிடும். குஞ்சம் கட்டக் கொடுத்த புடவை அந்தக் கடையின் வியாபாரச் சரக்கு அல்லவே.

நிறுவனம் இதை விலக்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சரக்கின் சொந்தக்காரர் தன் பேரில் வேறொரு பாலிசி எடுத்திருக்கலாம். ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் பணம் போகும். எவ்வளவு சரக்கு வந்து போகிறது என்பது கடைக்காரரின் கொள்முதல் கணக்கில் தெரியாது. எரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் ஒரு பில்லைக் கொண்டுவந்து ‘என் சரக்கும் உள்ளே இருந்தது’ என்று சொல்லலாம். ஆகவே முன்கூட்டியே சொல், தொகையைச் சொல், பிரீமியம் கட்டு, அப்புறம் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறது நிறுவனம். இது நியாயம்தான். பாலிசியை விற்கும்போது அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதுதான் அநியாயம்.

சரி, கேட்டு எழுதி வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எழுதிய சொற்கள் என்ன செய்யும் என்பதை ஆங்கிலேய நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு வழக்குகளில் தீர்த்துவைத்தன. இந்தியப் பத்திரங்களில் இன்றும் இருக்கும் வாசகங்கள் அந்தக் காலத்து வாசகங்களின் வாரிசுகள்.

1856இல் வந்த வாட்டர்ஸ் எதிர் மோனார்க் வழக்கில், மாவு வியாபாரமும் கிடங்கும் நடத்திய இருவர் தங்கள் சரக்குக்கும், பிறர் நம்பி ஒப்படைத்த சரக்குக்கும் சேர்த்துத் தீக்காப்பு எடுத்திருந்தார்கள். கிடங்கு எரிந்தது. சொந்தச் சரக்குக்குப் பணம் தருகிறோம். வாடிக்கையாளர் சரக்கில் உங்களுக்கு வரவேண்டிய கிடங்குக் கூலி அளவுக்குத் தருகிறோம். அதற்கு மேல் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்படைத்த சரக்கு என்று எழுதியிருக்கிறது, முழு மதிப்பையும் கொடு. கிடங்குக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொந்தக்காரர்களுக்காக வைத்திருக்கட்டும் என்றது. சரக்கு எரிந்ததில் கிடங்குக்காரர் மேல் தவறு இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய அவசியமே அங்கு எழவில்லை.

1871இல் வந்த நார்த் பிரிட்டிஷ் எதிர் மொஃபாட் வழக்கில் சரக்கு தேயிலை. இடம் லண்டன் துறைமுகக் கிடங்கு. பத்திரத்தில் ‘ஒப்படைத்த சரக்கு’ என்பதோடு ‘தான் பொறுப்பான’ என்ற அடைமொழியும் சேர்ந்திருந்தது. தேயிலை விற்று, பணமும் வாங்கியாகிவிட்டது. வாங்கியவர்கள் இன்னும் எடுத்துப் போகவில்லை. எரிந்தபோது அந்தத் தேயிலை வாங்கியவர்களின் பொறுப்பில்தான் இருந்தது, விற்றவருக்கு அதில் சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லை, ஆகவே காப்பும் இல்லை என்று தீர்ப்பானது. ஒரு சிறு அடைமொழி காப்பின் எல்லையை எவ்வளவு சுருக்கிவிட்டது என்று பாருங்கள். இந்தியாவில் நகைக்கடைகளுக்கென்று இருக்கும் ‘ஜுவல்லர்ஸ் பிளாக்’ பாலிசியிலும், பல திருட்டுப் பாலிசிகளிலும் இந்த அடைமொழி இருப்பதைப் பார்க்கலாம்.

ஆகவே அடுத்து வரும் கேள்வி, அடுத்தவர் சரக்குக்குக் கடைக்காரர் எப்போது பொறுப்பு என்பது. அதற்கு விடை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. 151ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறது. 152ஆம் பிரிவு, அப்படிப் பார்த்துக்கொண்ட பிறகும் பொருள் அழிந்தால், தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாதவரை, அவர் பொறுப்பல்ல என்கிறது. கவனமாக இருந்தேன் என்று நிரூபிக்கும் சுமை மட்டும் பொருளைக் கையில் வைத்திருந்தவர் மேல்.

இதைத் தாராவிப் பட்டறையில் பொருத்திப் பார்த்தால் ஒரு விசித்திரமான நிலைமை தெரியும். பக்கத்து அறையில் மின்கசிவால் பிடித்த தீ தகரச் சுவரைத் தாண்டி வந்து தோலை எரிக்கிறது. பட்டறைக்காரர் மேல் தவறு இல்லை. சட்டப்படி அவர் பொறுப்பல்ல. ‘தான் பொறுப்பான’ என்ற அடைமொழி பத்திரத்தில் இருந்தால் நிறுவனமும் தோலுக்குப் பணம் தரவேண்டியதில்லை. தோல் அனுப்பிய வியாபாரி, அவருக்குத் தனிக் காப்பு இல்லாவிட்டால், முழு இழப்பையும் சுமக்கவேண்டும். அதே பட்டறையில் இரவு பசை டப்பாவைத் திறந்து போட்டுவிட்டுப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டியதால் தீ பிடித்திருந்தால் பட்டறைக்காரர் பொறுப்பு. பாலிசியும் தோலுக்கு வேலை செய்யத் தொடங்கும். கவனமாக இருந்தவரின் வாடிக்கையாளருக்குப் பணம் இல்லை, கவனக்குறைவாக இருந்தவரின் வாடிக்கையாளருக்குப் பணம் உண்டு. அடைமொழியின் விளைவு இதுதான். முன்பின் யோசிக்காமல் அதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய தவறு என்பது இங்கே புரியும்.

மழைக்கால மும்பையில் இந்த விவேகம் என்ற அளவுகோலுக்கு இன்னொரு முகம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அது எந்தக் கடைக்காரரும் எதிர்பார்க்க முடியாதது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்குவது ஊரே அறிந்த ஆடி ஆவணிச் சமாச்சாரம். அங்கே தரையோடு வைத்த வாடிக்கையாளர் மூட்டை நனைந்தால், விவேகமாக வைத்திருந்தேன் என்று சொல்வது கடினம். எத்தனை அடி உயரத்தில் பலகை போட்டிருந்தார் என்பதே பொறுப்பையும் காப்பையும் தீர்மானித்துவிடும்.

152ஆம் பிரிவில் ‘தனி ஒப்பந்தம் இல்லாதவரை’ என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது அல்லவா, அதைப் பயன்படுத்துகிற வியாபாரங்களும் மும்பையிலேயே இருக்கின்றன. நகை வியாபாரத்திலும் வைர வியாபாரத்திலும் ‘ஜாங்கட்’ என்று ஒரு பழைய வழக்கம். வாங்குவதாக முடிவாகாமல், பார்ப்பதற்கும் காட்டுவதற்கும் சரக்கைக் கொடுப்பது. அதற்கென்று எழுதும் சீட்டில், சரக்கு கொடுத்தவருக்கே சொந்தம், கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும், அதுவரை எந்த இழப்பும் வைத்திருப்பவரைச் சேர்ந்தது என்று எழுதுவது வாடிக்கை. தவறு யார் மேல் என்ற கேள்விக்கே இடமில்லாமல் வைத்திருப்பவர் பொறுப்பாகிவிடுகிறார். ஆகவே ‘தான் பொறுப்பான’ என்ற அடைமொழி ஜாங்கட் சரக்கைத் தொந்தரவு செய்வதில்லை. தோல் பட்டறையின் சலான் அப்படி இல்லை. அதில் சரக்கின் விவரமும் அளவும் இருக்கும். இழப்பு யாருடையது என்று ஒரு வரியும் இருக்காது. ஒரே பத்திர வாசகம் நகைக்கடையில் முழுக் காப்பாகவும் தோல் பட்டறையில் பாதிக் காப்பாகவும் ஆவது இந்த ஒரு வரியால்.

விற்றால் காசு என்று வைத்த புடவைக்கு இன்னொரு சட்டமும் குறுக்கே வரும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 24ஆம் பிரிவின்படி, ‘பிடித்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடு’ என்று அனுப்பிய சரக்கைப் பெற்றவர், சொன்ன கெடுவுக்குள் திருப்பாமல் வைத்துக்கொண்டால், அது அவருக்கே சொந்தமாகிவிடும். கெடு தீபாவளி வரை என்றிருந்து, கார்த்திகையில் கடை எரிந்தால், அந்தப் புடவைகள் ஒப்படைத்த சரக்கு அல்ல, கடைக்காரரின் சொந்தச் சரக்கு. காஞ்சிபுரத்துக்காரருக்கு அவர் முழு விலை தரவேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனமும் அதை ஸ்டாக் என்றே எடுத்துக்கொள்ளும்; தொகை போதுமா என்பதுதான் அப்போது பிரச்சினை. எல்லா ஏற்பாடும் இந்தப் பிரிவுக்குள் வராது. உரிமையாளரின் ஏஜென்டாக, கமிஷனுக்கு மட்டும் விற்பவர் வைத்திருக்கும் சரக்கு விற்கும்வரை உரிமையாளருடையதே. எது எந்த வகை என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் ஒழிய, சர்வேயர் முன்னால் இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

சலவைக் கடைக்காரர்கள் எதிர்த் திசையில் போகப் பார்ப்பார்கள். பொறுப்பை ஏற்பதற்குப் பதில் பில்லின் பின்னால் சிறு எழுத்தில் அதைக் குறைத்து அச்சிடுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த லில்லி ஒயிட் எதிர் முனுசாமி வழக்கில், சலவைக்குக் கொடுத்த புதுப் புடவை தொலைந்துபோனது. தொலைந்தால் சந்தை மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்பது பில்லில் இருந்த நிபந்தனை. அப்படியானால் விலையுயர்ந்த புதுத் துணியைக் கடைக்காரரே அந்தச் சொற்பப் பணத்துக்குச் சொந்தமாக்கிக்கொள்ள வழி திறந்துவிடும், இது பொதுநலனுக்கு விரோதம் என்று சொல்லி நீதிமன்றம் நிபந்தனையைத் தள்ளியது. 1966ஆம் ஆண்டுச் சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்பு அது. பின்னாளில் பம்பாய் உயர் நீதிமன்றமும், வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாத ரசீதின் பின்பக்க நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்ற நிலையை ஒரு சலவை வழக்கில் எடுத்தது. இதன் பொருள், செம்பூர் சலவைக்காரர் ரசீதில் அச்சிட்ட வரம்பை நம்பி, சலவைக் கூலியின் சில மடங்கு போதும் என்று காப்புத் தொகையை வைத்தால், ஒரு கல்யாண சீசனில் அவர் கையில் இருக்கும் பட்டின் முழு மதிப்புக்கும் அது ஈடாகாது.

இனி தொகை. கணக்குப் புரிவதற்காக ஒரு தோல் பட்டறையை மனத்தில் கட்டிக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. கணக்கிடும் முறை கற்பனை அல்ல. பட்டறைக்காரரின் சொந்தச் சரக்கு, அதாவது உள்துணி, ஜிப், பக்கிள், தான் தைத்து விற்க வைத்திருக்கும் பர்ஸ்கள், எல்லாம் சேர்த்து 4 லட்சம். ஒரு வியாபாரி அனுப்பிய தோல் 6,000 சதுர அடி. அடி 150 ரூபாய் என்றால் 9 லட்சம். பாலிசியில் காப்புத் தொகை 5 லட்சம். ஓர் இரவில் பட்டறையின் ஒரு பாதி எரிகிறது. சொந்தச் சரக்கில் 2 லட்சமும், தோலில் 3,000 சதுர அடி, அதாவது நாலரை லட்சமும் போகின்றன. மொத்த இழப்பு ஆறரை லட்சம்.

பத்திரத்தில் ‘ஸ்டாக்’ என்று மட்டும் இருந்தால் கணக்கு எளிது. சொந்தச் சரக்கு 4 லட்சம், காப்பு 5 லட்சம். குறைவு இல்லை. 2 லட்சம் முழுதாகக் கிடைக்கும். தோலுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது அதே பட்டறைக்காரர், யாரோ எச்சரித்ததைக் கேட்டு, ‘ஒப்படைத்த சரக்கும் சேர்த்து’ என்று பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கிறார். தொகையை மட்டும் 5 லட்சத்திலேயே விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது காப்புக்கு உட்பட்ட சரக்கின் மதிப்பு 13 லட்சம். பத்திரத்தில் விகிதக் குறைப்பு நிபந்தனை ஒன்று இருக்கிறது. மதிப்புக்கு ஏற்ற தொகைக்குக் காப்பு எடுக்காவிட்டால், எடுத்த விகிதத்தில்தான் இழப்பும் கிடைக்கும் என்பது அது. பதின்மூன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் ஆறரை லட்சத்துக்குக் கிடைப்பது இரண்டரை லட்சம். அதில் சொந்தச் சரக்கின் பங்கு ஏறத்தாழ 77,000 ரூபாய். தோலின் பங்கு ஏறத்தாழ 1,73,000. எழுதி வாங்குவதற்கு முன் 2 லட்சம் கிடைத்திருக்கவேண்டியவருக்கு, எழுதி வாங்கிய பின் தன் பங்காக நிற்பது 77,000. தோல் வியாபாரிக்கும் அந்த 1,73,000தான் போகிறது. அவர் இழந்ததோ நாலரை லட்சம். சிறு தொழில் பத்திரத்தில் மதிப்புக் குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்ளமாட்டார்கள் என்ற சலுகை உண்டு. இங்கே குறைவு 60 சதவீதத்துக்கும் மேல். சலுகை கிட்டவே வராது.

இந்தக் கணக்கில் பட்டறைக்காரருக்கு ஓர் எதிர்வாதமும் உண்டு, அதைக் கைவிடக்கூடாது. ‘தான் பொறுப்பான’ என்ற அடைமொழியைக் காட்டி, இந்தத் தோலுக்கு நீ பொறுப்பல்ல, ஆகவே காப்பில்லை என்று நிறுவனம் சொன்னால், அதே தோலை மொத்த மதிப்பில் சேர்த்து விகிதம் குறைக்க அதற்கு வழியில்லை. காப்பில் இல்லாத சரக்கு கணக்கிலும் இருக்கக்கூடாது. சர்வேயரின் அறிக்கையில் இந்த இரண்டும் ஒருசேர நடந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பரிகாரம் எளிது. அட்டவணையில் இரண்டு தனி வரிகள் கேட்டு வாங்கவேண்டும். சொந்தச் சரக்கு 4 லட்சம் என்று ஒன்று. வாடிக்கையாளர் ஒப்படைத்த தோலும் தைத்து முடித்த, முடியாத பைகளும், பட்டறைக்காரர் பொறுப்பானாலும் ஆகாவிட்டாலும், 9 லட்சம் என்று இன்னொன்று. விகிதக் குறைப்பு ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத்தான் நடக்கும். தீபாவளிப் பரிசு ஆர்டர்கள் குவியும் மாதங்களில் தோல் 14 லட்சத்துக்கு ஏறி, இரண்டாவது வரி பற்றாமல் போனாலும், முதல் வரியில் கை வைக்க முடியாது. ஏறும் மாதங்களுக்கு அந்த வரியை மட்டும் உயர்த்தி ஒப்பம் வாங்கிக்கொள்ளலாம்.

தொகை ஏன் இவ்வளவு பிசகுகிறது என்றால், பல பட்டறைகளில் காப்புத் தொகை வங்கிக்குக் கொடுக்கும் கணக்கிலிருந்து வருகிறது. கடன் கொடுத்த வங்கிக்கு மாதாமாதம் ஸ்டாக் அறிக்கை கொடுக்கவேண்டும். அதில் அடுத்தவர் சரக்கைச் சேர்ப்பது தவறு, ஏனென்றால் அதை அடமானமாகக் காட்ட முடியாது. வங்கி தன் கடனுக்கு ஈடான ஸ்டாக்குக்குத்தான் காப்பு கேட்கும். அந்த எண்ணையே பாலிசியிலும் போட்டுவிட்டால், அறைக்குள் இருக்கும் பெரும் மதிப்பு எந்தக் காகிதத்திலும் இல்லாமல் நிற்கும். வங்கியின் திருப்தியும் கடையின் பாதுகாப்பும் ஒன்று என்று நினைத்து விடுவதிலிருந்துதான் பல இழப்புகள் தொடங்குகின்றன.

எரிந்தபின் எப்படி நிரூபிப்பது? இதற்கு ஜிஎஸ்டி ஓர் எதிர்பாராத உதவி. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் சரக்கு டெலிவரி சலானோடு போகவேண்டும்; சலான் மூன்று படிகள். ஒன்று பெறுபவருக்கு, ஒன்று வண்டிக்கு, ஒன்று அனுப்பியவரிடம். பட்டறையில் இருந்த படி எரிந்தாலும் வியாபாரியின் அலுவலகத்தில் மூன்றாம் படி இருக்கும். தோலின் வகை, சதுர அடி, மதிப்பு எல்லாம் தேதியோடு அதில் இருக்கவேண்டும். ‘தோல் 1 கட்டு’ என்று எழுதிய சலான் சர்வேயரிடம் ஒன்றுக்கும் உதவாது. தைத்து முடித்துத் திருப்பிய பைகளுக்கான சலான்களைக் கழித்தால் எரிந்த அன்று எவ்வளவு தோல் உள்ளே இருந்தது என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். அந்தச் சலானிலேயே ‘பட்டறையில் இருக்கும்வரை எந்தக் காரணத்தால் இழப்பு ஏற்பட்டாலும் பட்டறையின் பொறுப்பு’ என்று ஒரு வரி சேர்த்தால் ஜாங்கட் சீட்டின் பலம் வந்துவிடும். ஆனால் காப்பு எடுக்காமல் அந்த வரியில் கையெழுத்துப் போடும் பட்டறைக்காரர், விதி செய்த தீக்கும் தன் கையிலிருந்து பணம் கட்டவேண்டிவரும். காப்பு முதலில், வரி பிறகு.

சரக்கின் சொந்தக்காரர் பத்திரத்தில் பெயரே இல்லாதவர். அவர் நிறுவனத்தை நேராகக் கேட்க முடியுமா? இதற்கு அருகில் வருகிற பெரிய வழக்கு 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. கர்நாடகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் விவசாயிகள் விளைபொருளை வைத்து, அதன் பேரில் கனரா வங்கியில் கடன் வாங்கியிருந்தார்கள். 2014 ஜனவரியில் கிடங்கு எரிந்தது. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸின் பாலிசி கிடங்கு நிறுவனத்தின் பேரில் இருந்தது. விவசாயிகளுக்கும் தங்களுக்கும் ஒப்பந்தமே இல்லை என்பது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வாதங்களில் ஒன்று. நீதிமன்றம், அந்தக் காப்பின் பயன் விவசாயிகளையும் சேரும், நுகர்வோர் சட்டத்தின்படி அவர்களும் நுகர்வோரே என்று சொல்லி, நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. கிடங்கு என்றாலே உள்ளே இருப்பது அடுத்தவர் சரக்கு என்று தெரிந்துதான் அங்கே காப்பு கொடுக்கிறார்கள். தாராவிப் பட்டறையில் அப்படித் தானாகத் தெரியாது. பத்திரம் எடுக்கும்போது நிரப்பும் படிவத்தில், இங்கே கூலிக்குத் தைக்கும் வேலை நடக்கிறது, தோல் வாடிக்கையாளருடையது என்று எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொண்டால்தான் அந்தத் தீர்ப்பின் நிழல் இங்கே விழும்.

வேறொரு வழியும் உண்டு: தோல் அனுப்பும் வியாபாரியே தன் பாலிசியில் பட்டறையின் முகவரியைச் சேர்த்துவிடுவது. சிறு தொழில் பத்திரத்தில், வேலைக்காக வேறிடத்துக்குத் தற்காலிகமாக அனுப்பிய சரக்குக்கு, மொத்தச் சரக்கு மதிப்பில் 10 சதவீதம் வரை காப்பு உள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் போனால் முகவரியைக் குறிப்பிட்டுச் சேர்க்கவேண்டும். பெரிய வியாபாரிகளுக்கு இதுவே சுலபம், பிரீமியமும் அவர்கள் தலையில் போகும். இதில் பட்டறைக்காரர் ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். வியாபாரிக்குப் பணம் கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனம், அவருடைய இடத்தில் நின்று, இழப்புக்குக் காரணமானவர்மேல் வழக்குப் போடலாம். 2010இல் உச்ச நீதிமன்றம் சரண் ஸ்பின்னிங் மில்ஸின் நூல் சரக்கைப் பற்றிய வழக்கில், போக்குவரத்து நிறுவனத்தின் மேல் இந்த உரிமையை உறுதி செய்தது. பசை டப்பாவைத் திறந்து போட்ட பட்டறைக்காரர்மேலும் அது வரும். ஆகவே வியாபாரி என் சரக்குக்கு நானே காப்பு எடுத்திருக்கிறேன் என்று சொன்னால், பட்டறைக்காரர் அவரிடம் கேட்கவேண்டியது பாலிசியின் நகலும், அதில் தன் பட்டறையின் முகவரியும், தன்மேல் திரும்பி வரும் உரிமையை நிறுவனம் விட்டுக்கொடுத்த ஒப்பமும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாவிட்டால், தோலுக்கு யார் பேரில் காப்பு இருந்தாலும், அதன் விலை கடைசியில் பட்டறைக்காரரிடமே கேட்கப்படலாம்.